பெட் போடாத ஓராண்டு: மறைத்து வைத்திருந்த நான்கு மாதச் சம்பளம்

இந்தப் பதிவைப் பற்றி

பந்தயச் சூதாட்டத்திலிருந்து மீள என்னிடம் ஆலோசனைக்கு வந்துகொண்டிருந்த ஒருவர், கடைசியாக பெட் போட்ட நாளிலிருந்து ஓராண்டு முடிந்தபோது, அப்படி மீள்பவர்கள் கூடும் எங்கள் குழுவில் அரை மணி நேரம் பேசினார். அந்தப் பேச்சையும் ஓராண்டாக நான் எழுதிவைத்த குறிப்புகளையும் வைத்து எழுதியது இது. அவரும் அவர் மனைவியும் இதைப் படித்துவிட்டு அனுமதி தந்தார்கள். ஆளை அடையாளம் காட்டும் விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன. தொகைகளைப் பணமாகச் சொல்லாமல் அவருடைய மாதச் சம்பளத்தைக் கொண்டு அளந்திருக்கிறேன். ஒரு வீட்டுக்குக் கடன் எவ்வளவு கனம் என்பது அப்படிச் சொன்னால்தான் தெரிகிறது.

இதில் என் பிழை ஒன்றும் இருக்கிறது. அது வரும் இடத்தில் சொல்கிறேன்.

பின்னணி

அவருக்கு 38 வயது. ஒரு பெரிய கிடங்கில் ஸ்டாக் கணக்குக்குப் பொறுப்பாளர். மனைவியும் வேலைக்குப் போகிறார். ஒரு மகள், 11 வயது. நண்பர்களோடு மேட்ச் பார்க்கும்போது சும்மா கட்டிய சிறு பந்தயத்தில்தான் ஆரம்பம். பிறகு ஃபோனில் ஆப் வந்தது. அதன் பிறகு மேட்ச் முடியும்வரை காத்திருக்க வேண்டிய தேவையும் போனது. ஆட்டம் நடக்கும்போதே அடுத்த சில நிமிடங்களில் என்ன நடக்கும் என்று பெட் போடலாம். "ஒரு ஆட்டத்துக்கு ஒரு பெட்டுன்னு இருந்தது, ஒரு ஆட்டத்துக்கு நாப்பது பெட்டுன்னு ஆச்சு" என்றார்.

இப்படி மூன்று ஆண்டுகள் ஓடின. நடுவில் ஒருமுறை விஷயம் வெளியே வந்து, அவருடைய அப்பா இருந்த கடனையெல்லாம் ஒரே தவணையில் அடைத்திருக்கிறார். சத்தியம் வாங்கிக்கொண்டுதான் அடைத்தார். ஆறு வாரத்தில் மறுபடி பெட். "கடன் இல்லைன்னதும் மனசு லேசாயிடுச்சு. லேசான மனசோட முதல்ல செஞ்சது அதுதான்" என்று எங்கள் குழுவில் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. அங்கிருந்த பாதிப் பேருக்கு அதே கதை உண்டு.

இரண்டாம் முறை வெளியே வந்தது வங்கி வழியாக. தவணை கட்டவில்லை என்று அவர் எண்ணுக்கு அடித்துப் பார்த்துவிட்டு மனைவியின் எண்ணுக்கு அழைத்தார்கள். அன்று இரவு அவர் எல்லாவற்றையும் சொன்னார். அல்லது சொன்னதாக எல்லோரும் நம்பினோம். நான்காம் நாள் இருவரும் என்னிடம் வந்தார்கள்.

முதல் சந்திப்புகளில் கண்டது

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட டி.எஸ்.எம்-5 கையேடு, சூதாட்டக் கோளாறை மது, போதைப்பொருள் அடிமைத்தனங்களோடு ஒரே அத்தியாயத்தில் வைத்தது. அதில் ஒன்பது அடையாளங்கள் உண்டு. 12 மாதத்துக்குள் நான்கு இருந்தாலே கோளாறு என்று கொள்ளலாம். இவருக்கு ஏழு இருந்தன. அவற்றில் மூன்று இந்தக் கதைக்கு முக்கியம்: விட்டதைப் பிடிக்க மறுநாளே திரும்பப் போவது, எவ்வளவு ஆடுகிறோம் என்பதை மறைக்கப் பொய் சொல்வது, ஆட்டத்தால் வந்த பண முடையிலிருந்து மீட்க மற்றவர்களை நம்பியிருப்பது.

ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரா என்றும் கேட்டேன். பார்க்கின்சன் நோய்க்கும் கால் குடைச்சலுக்கும் தரும் சில மருந்துகள் இந்த வெறியைக் கிளப்பிவிடும். அவருக்கு அப்படி எதுவும் இல்லை.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உண்டா என்று மூன்றாம் சந்திப்பில்தான் கேட்டேன். "இன்ஷூரன்ஸ் பணம் கடனுக்குச் சரியா வருமான்னு கணக்குப் போட்டிருக்கேன்" என்றார், ஸ்டாக் கணக்கு சொல்கிற அதே குரலில். அன்றே மனநல மருத்துவரிடம் அனுப்பினேன். அந்த வாரம் முழுக்க அவரைத் தனியாக விடவில்லை. அவருக்கு மனச்சோர்வு இருந்தது, அதற்குத் தனியாகச் சிகிச்சை நடந்தது. சூதாட்டக் கடனோடு வருகிறவரிடம் முதல் நாளே கேட்டிருக்கவேண்டிய கேள்வி அது.

பிறகு கணக்கு. மூன்று ஆண்டுக்கான வங்கி ஸ்டேட்மென்ட்டை எடுத்து, ஆப்களுக்குப் போன பணத்தையும் அங்கிருந்து திரும்பிய பணத்தையும் இரண்டு பத்தியாக அவர் கையாலேயே எழுதவைத்தேன். போனது 41 மாதச் சம்பளம். திரும்பி வந்தது 22. ஆக நட்டம் 19. சம்பளம் வாங்கியதே 36 மாதம்; அதைவிட அதிகம் உள்ளே போயிருக்கிறதே என்று மனைவி கேட்டார். ஜெயித்த பணம் வீட்டுக்கு வராமல் மறுபடி உள்ளேயே போய்ச் சுற்றியதால் அப்படி. அவர் நினைவில் இருந்ததோ அந்த 22தான். ஜெயித்த ஒவ்வொரு நாளும் தேதியோடு நினைவிருந்தது.

கடன் என்று அவர் சொன்னது 13 மாதச் சம்பளம்: வங்கிக் கடன் 7, கிரெடிட் கார்டு 3, மனைவியின் அண்ணனிடம் வாங்கியது 3. சேமிப்பில் கரைந்தது 2. மொத்தம் 15. நட்டம் 19 ஆயிற்றே, மீதி 4 எங்கே என்று கேட்டேன். "அது சம்பளத்துலயும் ஓவர்டைம்லயும் போனது" என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. குறித்துக்கொண்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டேன். நான் சொன்ன பிழை இதுதான்.

அந்த ஐந்து வரிக் கணக்கு

'விட்டதைப் பிடிப்பது' என்ற சொல்லுக்குப் பின்னால் அவரிடம் ஒரு முறை இருந்தது. தோற்றால் அடுத்த பெட்டை இரட்டிப்பாக்குவது. எப்போது ஜெயித்தாலும் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்பது நம்பிக்கை. இதை வாதாடி மறுப்பதைவிட அவரையே போட்டுப் பார்க்கச் சொல்வது மேல் என்று தோன்றியது. அவர் வழக்கமாகப் போட்டது 1.90 ஆட்ஸ், அதாவது 1 வைத்து ஜெயித்தால் வைத்ததும் சேர்ந்து 1.90 கையில் வரும், லாபம் 0.90.

நோட்டில் எழுதினார். முதலில் 1, தோல்வி. பிறகு 2, 4, 8, எல்லாம் தோல்வி. இதுவரை போனது 15. ஐந்தாவது பெட் 16, இது ஜெயிக்கிறது. லாபம் 14.40. போன 15ஐக் கழித்தால் இன்னும் 0.60 நட்டம்.

அவர் திருப்பி ஒருமுறை போட்டார். அதே 0.60. ஜெயித்த பிறகும் நட்டம். ஆட்ஸ் சரியாக 2 ஆக இருந்தால்தான் இரட்டிப்பு கணக்கில் நிற்கும், அந்த 0.10 குறைவில்தான் பெட்டிங் கம்பெனி வாழ்கிறது. இரண்டு பக்கமும் சம வாய்ப்புள்ள பந்தயத்தில் 1.90 கொடுத்தால், நூறு ரூபாய்க்கு ஆடினால் சராசரியாக ஐந்து போகும். ஐந்து முடிவுகளைக் கோத்து ஒரே பெட்டாகப் போட்டால் அந்த வெட்டு ஐந்து முறை விழுந்து நூற்றுக்கு ஏறத்தாழ 23 ஆகிவிடும். அவருக்கு மிகவும் பிடித்தது அப்படிக் கோத்த பெட்தான்.

இந்தக் கணக்கு அவரை நிறுத்திவிட்டது என்று சொல்லமாட்டேன். "இது முன்னாடியே தெரிஞ்சிருந்தாலும் ஆடியிருப்பேன் சார்" என்று அவரே சொன்னார். ஆனால் கடனை ஆடித்தான் அடைக்கமுடியும் என்ற எண்ணத்துக்கு அடியில் இருந்த தரை அன்று கொஞ்சம் பெயர்ந்தது.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு பணத்தைப் பற்றியது. ஆசை வரும், அதை அந்த நேரத்தில் மன உறுதியால் வெல்லமுடியும் என்று நாங்கள் எண்ணவில்லை. ஆசை வரும்போது கையில் பணம் இருக்கக்கூடாது என்று மட்டும் திட்டமிட்டோம். சம்பளம் மனைவியின் பொறுப்பில் இருக்கும் கணக்குக்குப் போகும்படி மாற்றினார்கள். அவர் கார்டுக்கு வாரச் செலவுக்கு மட்டும் வரம்பு. கிரெடிட் கார்டை வெட்டிப் போட்டார். ஓடிபி மனைவியின் ஃபோனுக்கு வரும்படி ஆயிற்று. ஆப் கணக்குகளை நிரந்தரமாக மூடும்படி எழுதிக் கொடுத்தார். ஃபோனில் தடுப்பு மென்பொருள் போட்டோம். அதன் எல்லையும் தெரிந்தே போட்டோம். மெசேஜில் ஆள் வைத்து நடத்தும் பெட்டிங்கை எந்த மென்பொருளும் தடுக்காது. அப்படி ஒரு ஏஜென்ட் எண் அவரிடம் இருந்தது, அதை அழித்து பிளாக் செய்தார்.

இரண்டாவது முடிவில் வீட்டில் சண்டையே வந்தது. அவருடைய அண்ணன், "வட்டி ஏறிக்கிட்டே போகுது, நான் மொத்தமா கட்டிடறேன், தம்பி எனக்கு மெதுவா கொடுக்கட்டும்" என்றார். வட்டிக் கணக்குப்படி அது சரி. மனைவி வேண்டாம் என்றார். "மாமா ஏற்கெனவே ஒருதரம் கட்டினாங்க. ஆறு வாரம்தான்" என்பது அவர் வாதம். நானும் அதையே சொன்னேன். கடன் ஒரே நாளில் மறைந்தால் புதிய கடன் வாங்கும் தகுதியும் அதே நாளில் திரும்பி வருகிறது. அண்ணன் கொஞ்ச நாள் என்மேல் கோபமாக இருந்தார்.

மூன்றாவது, வாரம் ஒரு சந்திப்பு, வாரம் ஒரு குழுக் கூட்டம், ஒரு நோட்டு. ஆசை எழும்போது நேரம், இடம், எவ்வளவு நிமிடம் இருந்தது என்று மூன்றே விவரம் எழுதவேண்டும்.

முதல் நான்கு மாதங்கள்

முதல் மூன்று வாரம் தூக்கம் இல்லை. சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுந்தார். ஆட்டத்தைக் குறைக்க முயலும்போது வரும் இந்தப் பொறுமையின்மையும் அந்த ஒன்பது அடையாளங்களில் ஒன்றுதான். முன்கூட்டியே சொல்லிவைத்திருந்ததால் மனைவி அதைத் தன்மேல் உள்ள கோபமாக எடுத்துக்கொள்ளவில்லை. நோட்டில் முதல் மாதம் 61 பதிவுகள். பெரும்பாலும் இரவு பத்து மணிக்கு மேல். சம்பள நாளில் மட்டும் ஏழு. பாதிக்கு மேற்பட்டவை இருபது நிமிடத்துக்குள் தணிந்திருந்தன. அதை அவரே கண்டுபிடித்ததுதான் பயன். ஆசை வந்தால் பெட் போடும்வரை போகாது என்றுதான் அவர் அதுவரை நம்பியிருந்தார். பெட் போடாமல் அது தானாக இறங்குவதை அவர் ஒருநாளும் இருந்து பார்த்ததில்லை.

மூன்றாம் மாதம் 19 பதிவுகள். நான்காம் மாதம் 11. எல்லாம் நன்றாகப் போகிறது என்று என் குறிப்பில் எழுதியிருக்கிறேன். ஆனால் அந்த 11இல் ஒன்பது வேலை இடத்தில், காலை வேளையில், ஓய்வறைக்குப் பக்கத்தில் என்று இருந்தது. இரவில் வந்துகொண்டிருந்த ஆசை ஏன் காலைக்கும் கிடங்குக்கும் இடம் மாறியது என்று நான் கேட்கவில்லை. பதிவுகளின் எண்ணிக்கை குறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் மாதம்

ஒரு சனிக்கிழமை மனைவி தனியாக அழைத்தார். கணவரோடு வேலை பார்க்கும் ஒருவர் வீட்டுக்கு வந்து, "அண்ணி, கைமாத்தா வாங்கினது, பொண்ணுக்கு ஃபீஸ் கட்டணும்" என்று தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறார். அன்று மாலை விசாரித்ததில் மூன்று பேர். மொத்தம் நான்கு மாதச் சம்பளம். முதல் வாரத்தில் மேசைமேல் குறுக்கே கிடந்த அதே 4.

பெட் போட்டாரா என்று ஸ்டேட்மென்ட்டை மறுபடி பார்த்தோம். போடவில்லை. மனைவிக்கு அது ஆறுதலாக இல்லை. "பெட் போட்டிருந்தாக்கூட வியாதின்னு எடுத்துக்குவேன். அஞ்சு மாசம் என் முகத்தைப் பாத்துப் பொய் சொல்லியிருக்கார்" என்றார். மகளை அழைத்துக்கொண்டு பத்து நாள் அம்மா வீட்டில் இருந்தார்.

ஏன் மறைத்தார்? அவமானம் என்று எல்லோரும் சொல்வார்கள், அவரும் முதலில் அதைத்தான் சொன்னார். இரண்டு சந்திப்பு கழித்து வந்த பதில் வேறு. அதை அவர் குழுவிலும் சொன்னார், அப்படியே தருகிறேன்:

"அந்த நாலு மாசச் சம்பளம் யாருக்கும் தெரியாத கடன். யாருக்கும் தெரியாததால அதை யாருக்கும் தெரியாமத்தான் அடைக்கணும். யாருக்கும் தெரியாம அவ்வளவு பணம் எனக்கு எங்கேயிருந்து வரும்? ஒரு வழிதான். அதனால நான் பெட்டிங்கை விட்டுட்டேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு, கடைசியா ஒரே ஒரு பெட்டுக்கு இடம் வச்சிருந்தேன்."

கிடங்கில் காலையில் ஆசை வந்ததன் காரணமும் அதுதான். அந்த மூவரும் ஓய்வறையில் தேநீர் குடிக்கும் நேரம் அது. அவர்கள் எதுவும் கேட்கவேண்டியதில்லை, முகத்தைப் பார்த்தாலே போதும்.

இதன் பிறகு கடனை அடைக்கும் வரிசையை மாற்றினோம். வட்டி அதிகமுள்ள கிரெடிட் கார்டை முதலில் முடிக்கவேண்டும் என்பது என் கருத்து; வங்கி, மனைவியின் அண்ணன் எல்லாம் பிறகு. கைமாற்றுக்கு வட்டியே இல்லை. மனைவி ஒப்புக்கொள்ளவில்லை. கார்டுக்கும் வங்கிக்கும் குறைந்தபட்சத் தவணை போகட்டும், மிச்சம் எல்லாம் அந்த மூவருக்கு என்றார். "தினமும் இவர் அவங்க முகத்துல முழிக்கிறார். வங்கிக்கு முகமா இருக்கு?" எழுதிப் பார்த்தால் வட்டியில் கொஞ்சம் நட்டம்தான். ஆனாலும் அவர் சொன்னதுதான் சரி. முதல் ஆளுக்குக் கொடுத்து முடித்த மாதம் கிடங்கில் ஆசை வந்த பதிவு ஒன்றுகூட இல்லை.

அந்த மூவரிடமும் அவர் நேரில் போய், என்ன ஆனது, எந்த மாதம் எவ்வளவு தருவார் என்று சொன்னார். ஒருவர் கெட்ட வார்த்தையில் திட்டினார். ஒருவர், தானும் ஆடுவதாகச் சொன்னார்.

ஏழாம் மாதம்: ஓவர்டைம் பணம்

நாங்கள் அடைத்த கதவுகளில் ஒன்று திறந்திருந்தது. ஓவர்டைம் தொகை சம்பளத்தோடு வராமல், பழைய ஒரு கணக்குக்குத் தனியாக வந்துகொண்டிருந்தது. அந்தக் கணக்கு இருப்பதே எல்லோருக்கும் மறந்துபோயிருந்தது. சரக்கு நெருக்கடியில் நிறைய ஓவர்டைம் செய்த மாதம், கிட்டத்தட்ட கால் மாதச் சம்பளம் அதில் வந்து விழுந்தது. அதே வாரம் தெரியாத எண்ணிலிருந்து ஃப்ரீ பெட் தருவதாக ஒரு மெசேஜ். ஏஜென்ட்டின் எண்ணை பிளாக் செய்தால் அவர்கள் புதிய எண்ணில் வருவார்கள்.

ஷிஃப்ட் முடிந்து பைக் நிறுத்துமிடத்தில் நாற்பது நிமிடம் நின்றிருக்கிறார். "எவ்வளவு அனுப்பணும்?" என்று டைப் செய்துவிட்டு, அனுப்பாமல், அழிக்காமல் அப்படியே வைத்திருந்தார். பிறகு குழுவில் ஒருவருக்கு ஃபோன் செய்தார். அவர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. "ஸ்கிரீன்ஷாட் எடுத்து உங்க வீட்டம்மாவுக்கு அனுப்புங்க, அனுப்பிட்டு என்கிட்ட சொல்லுங்க, லைன்ல இருக்கேன்" என்றார். அனுப்பினார். மனைவி பதிலுக்கு எழுதியது இரண்டே சொல்: "வீட்டுக்கு வாங்க."

அன்று இரவே அந்தக் கணக்கை மூட எழுதிக் கொடுத்தார். இதையும் தோல்வியாக எண்ணவேண்டுமா என்று என்னிடம் கேட்டார். டைப் செய்ததைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. ஐந்தாம் மாதம்வரை அவர் இதைச் சொல்லியிருக்கமாட்டார் என்பதைத்தான் அன்றைய குறிப்பில் எழுதினேன்.

வீடு

மனைவியின் கோபம் எட்டாம் மாதம்தான் முழுதாக வெளியே வந்தது. நிலைமை மோசமாக இருந்தவரை அவர் கணக்குப் பார்ப்பதிலும் வங்கிக்கு அலைவதிலும் இருந்தார். எல்லாம் கொஞ்சம் அடங்கியதும், ஒரு சாதாரண நாளில், மகளின் ஷூ கிழிந்ததைப் பார்த்து வெடித்துவிட்டார். கணவருக்குக் குழப்பம்: "நான் சரியாயிட்டேனே, இப்ப ஏன்?" இப்படி நடப்பதை வேறு வீடுகளிலும் பார்த்திருக்கிறேன். ஆடியவர் முன்னேறும் வேகமும் வீட்டார் ஆறும் வேகமும் ஒன்றாக இருப்பதில்லை. அந்த இரண்டு மாதம் மனைவியைத் தனியாகவும் சந்தித்தேன்.

அவர் குழுவில் வீட்டைப் பற்றிச் சொன்னதில் என் நினைவில் நிற்பது ஃபோன். முன்பெல்லாம் ஃபோனை எப்போதும் கவிழ்த்துத்தான் வைப்பாராம். சத்தம் அணைத்து, வெளிச்சம் குறைத்து, குளிக்கப் போகும்போதும் கையோடு. ஒன்பதாம் மாதம் ஒருநாள் மகள், "அப்பா, உன் ஃபோன் மல்லாந்து கெடக்கு" என்று ஓடிவந்து எடுத்துக் கொடுத்திருக்கிறாள், ஏதோ தவறி விழுந்துவிட்டதுபோல. அத்தனை ஆண்டும் அவள் அந்த ஃபோனின் முதுகைத்தான் பார்த்திருக்கிறாள்.

நம்பிக்கை திரும்பிவிட்டதா என்றால், இல்லை. வர இருபது நிமிடம் தாமதமானால் மனைவி இன்றும் ஃபோன் செய்கிறார். முதலில் அவருக்கு அது குத்தியது. இப்போது தாமதமாகும் என்றால் அவரே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறார். மேட்ச் பார்ப்பதில்லை, மகள் பார்க்க ஆசைப்பட்டால் அவர் எழுந்து வேறு வேலைக்குப் போய்விடுகிறார்.

வேலை

அவர் வேலையே எண்ணுவது. ஆடிய காலத்தில் ஒரே அடுக்கை மூன்று முறை எண்ணுவார். ஐந்தைந்தாகக் கோடு போடும்போது நடுவில் ஸ்கோர் பார்ப்பார், திரும்பி வந்தால் எந்தக் கோட்டில் விட்டோம் என்று தெரியாது. எண்ணாமலே முந்தைய மாதத்து எண்ணை எழுதிய நாட்களும் உண்டு. எழுத்துக்கும் இருப்புக்கும் வித்தியாசம் வந்து ஒருமுறை எச்சரிக்கைக் கடிதம் வாங்கியிருக்கிறார். சரக்கை எடுத்துவிட்டாரோ என்று சந்தேகம்கூட வந்தது. அவர் எடுக்கவில்லை. "ஆனா இன்னும் ஆறு மாசம் போயிருந்தா எடுத்திருக்கமாட்டேன்னு சத்தியம் பண்ணமுடியாது" என்று அவரே சொன்னார். கைமாற்று வாங்கும் ஆள் வற்றிய பிறகு அடுத்த படி பெரும்பாலும் அதுதான்.

இரண்டாம் மாதம் அவர் எடுத்த ஒரு முடிவு எனக்குப் பிடித்தது. ரொக்கம் கையாளும் வேலை ஒன்று அவர் பொறுப்பில் இருந்தது. குடும்பக் காரணம் என்று சொல்லி அதைத் தானாக விட்டுக்கொடுத்தார். மேலாளரிடம் முழு விஷயத்தையும் சொல்லவேண்டுமா என்று நிறையப் பேசினோம். சொன்னால் வேலை போகும் வாய்ப்பு இருந்தது, வேலை போனால் கடன் திட்டமே இல்லை. சொல்லவேண்டாம் என்று முடிவெடுத்தோம். ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு விஷயம் எப்படியும் மேலாளர் காதுக்கு எட்டியது. அவர் கூப்பிட்டு, "கணக்கு சரியா இருக்கா?" என்று மட்டும் கேட்டார். ஆறு மாதமாகச் சரியாக இருந்தது.

ஓராண்டில் வித்தியாசம் இல்லாத ஸ்டாக் கணக்கு ஒன்பது மாதம். பதவி உயர்வு எதுவும் வரவில்லை. மாலையில் நேரத்தோடு வேலை முடிகிறது, அவ்வளவுதான்.

ஓராண்டு முடிவில்

மறைத்ததையும் சேர்த்தால் தொடக்கக் கடன் 17 மாதச் சம்பளம். ஓராண்டில் சுமார் 5 மாதச் சம்பளம் கட்டியிருக்கிறார்கள். அதில் ஒன்றரை வட்டிக்குப் போனது. மீதி 13½. கைமாற்று தந்த மூவரில் இருவருக்கு முடிந்துவிட்டது. கடைசி மாதம் நோட்டில் நான்கு பதிவுகள்.

குழுவில் எல்லோரும் ஓராண்டு என்று கைதட்டினார்கள். நானும் தட்டினேன். என் கோப்பில் எண்ணிக்கை வேறு. டி.எஸ்.எம்-5 கணக்கில் நிலைத்த தணிவு என்று சொல்ல, 12 மாதமோ அதற்கு மேலோ அந்த அடையாளங்களில் எதுவும் இருக்கக்கூடாது. ஆட்டத்தின் அளவை மறைக்கப் பொய் சொல்வதும் அவற்றில் ஒன்று. அப்படிப் பார்த்தால் அவருடைய நாள் ஐந்தாம் மாதத்தில்தான் தொடங்குகிறது. இதை அவரிடம் சொல்ல முதலில் தயங்கினேன். ஓராண்டை அவரிடமிருந்து பிடுங்குவதுபோல் இருந்தது. சொன்னதும் அவர், "என் வீட்ல அவ அப்படித்தான் எண்ணிக்கிட்டிருக்கா" என்றார்.

மாற்றிச் செய்யவேண்டியவை

கடன் எவ்வளவு என்று இனி ஒரே கேள்வியாகக் கேட்பதில்லை. வங்கி, கார்டு, ஆப்பில் வாங்கும் உடனடிக் கடன், சொந்தம், நண்பர், உடன் வேலை செய்பவர், அடகு என்று ஒவ்வொன்றாக, ஆளாளாகக் கேட்கிறேன். வேலை இடத்துக் கைமாற்றைப் பற்றிக் குறிப்பாக. அது கடன் என்று எந்த ஸ்டேட்மென்ட்டிலும் வராது. ரொக்கமாக வாங்கி, ரொக்கமாகவே கணக்கில் போடப்பட்டிருக்கும். இவருடைய ஸ்டேட்மென்ட்டைத் திரும்பப் பார்த்தபோது, ரொக்கம் உள்ளே வந்த பதினொரு வரிகள் இருந்தன. சம்பளம் வங்கியில் வருகிறவர் ரொக்கம் போடுகிறார் என்றால் அது எங்கிருந்து வந்தது என்று கேட்டிருக்கவேண்டும்.

நட்டத்துக்கும் கடனுக்கும் இடையே கணக்கு இடித்தால் இடிக்கிறது என்று எழுதிவைத்து, இரண்டு வாரம் கழித்து மறுபடி கேட்கவேண்டும். முதல் வாரத்தில் முழு உண்மை வந்துவிடும் என்று எதிர்பார்ப்பது சரியில்லை. "இன்னும் ஏதாவது இருந்தால் ஒரு மாதத்துக்குள் சொல்லலாம், சொன்னால் என்ன ஆகும் என்பதை இப்போதே பேசிவைப்போம்" என்று இருவரையும் வைத்து முன்கூட்டியே ஏற்பாடு செய்தால், ஐந்தாம் மாதத்து அந்தப் பத்து நாள் வேறு மாதிரி இருந்திருக்கலாம். உறுதியாகச் சொல்லமுடியாது.

பணம் வரும் வழிகளைப் பட்டியலிடும்போது சம்பளத்தோடு நிற்காமல் ஓவர்டைம், போனஸ், திரும்பி வரும் பிடித்தம், பழைய கணக்குகள் எல்லாவற்றையும் எழுதவேண்டும்.

ஓராண்டு நிறைந்த வாரம் ஏற்பாடுகளை மறுபடி பேசினோம். கார்டு வரம்பைக் கொஞ்சம் உயர்த்தலாம் என்றார் மனைவி. அவர் வேண்டாம் என்றார். ஓடிபி மனைவியின் ஃபோனிலேயே இருக்கிறது. மூன்றாம் ஆளுக்கான கடைசித் தவணை பதினான்காம் மாதம். அதுவரை சந்திப்பு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை.